-77 ஐ எட்டு பிட்டில் எழுதியது சரியா, கூட்டியது சரியா: அடிக்கடி வரும் கேள்விகள்

கிளிநொச்சியில் மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையடிக்கு வந்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வெளியே வரும். நேர் எண்ணின் துவித வடிவத்தில் 0 ஐ 1 ஆகவும் 1 ஐ 0 ஆகவும் கவிழ்த்து, பிறகு 1 கூட்டி மறை எண்ணை எழுதும் முறைதான் இரண்டின் நிரப்பி. அதைப் பற்றி அப்படி வந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். முடிந்தவரை -77 என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டே போகிறேன், எண் மாறிக்கொண்டே இருந்தால் தலை சுற்றும்.

சேர், -77க்கு எனக்கு 10110011 வந்தது. விடையைப் பார்க்காமல் இது சரியா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சரிதான். பிள்ளைகளில் பாதிப்பேர் சரிபார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, செய்த அதே வேலையைத் திரும்பச் செய்கிறார்கள். முதல் தரம் விட்ட பிழையை இரண்டாம் தரமும் அதே இடத்தில் விடுவீர்கள், இரண்டும் ஒத்துப்போகும், சந்தோசமாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள். ஆகவே சரிபார்ப்பது வேறு பாதையால் இருக்க வேண்டும்.

அந்த வேறு பாதை இடப்பெறுமானம். எட்டு இடங்களுக்கும் வழக்கமான பெறுமானத்தைப் போடுங்கள், ஆனால் இடது பக்கத்து முதல் இடத்துக்கு மட்டும் 128க்குப் பதிலாக -128 போடுங்கள்.

```
-128  64  32  16   8   4   2   1
   1   0   1   1   0   0   1   1
```

1 இருக்கும் இடங்களை மட்டும் கூட்டினால் -128 + 32 + 16 + 2 + 1. நேர்ப் பக்கம் 51, அதை -128 உடன் சேர்த்தால் -77. இதில் கவிழ்ப்பதும் இல்லை, 1 கூட்டுவதும் இல்லை, அதனால் எழுதும்போது விட்ட பிழை இங்கே ஒளிந்துகொள்ள முடியாது. அரை நிமிட வேலை.

நான் வேற மாதிரிப் பார்த்தன். +77ஐயும் -77ஐயும் கூட்டினால் 0 வரவேணும்தானே, எனக்கு ஒன்பது இலக்கம் வருது.

வரத்தான் வேண்டும், பயப்பட வேண்டாம்.

```
  01001101    (+77)
  10110011    (-77)
 ---------
1 00000000
```

எட்டு இடமும் 0 ஆகி, வெளியே ஒரு 1 விழுந்திருக்கிறது. இருப்பது எட்டுப் பெட்டிதான், ஒன்பதாவது 1 ஐ வைக்க இடம் இல்லை, அதை விட்டுவிட வேண்டும். உள்ளே எட்டும் 0 என்றால் எழுதியது சரி. உள்ளே எங்கேயாவது ஒரு 1 எஞ்சியிருந்தால்தான் பிழை. நல்ல சோதனைதான், ஆனால் ஒரு குறை: 77 ஐயே துவித எண்ணாக மாற்றும்போது பிழை விட்டு 76 ஐ எழுதியிருந்தால், அந்த 76உம் அதன் நிரப்பியும் அழகாக 0 ஆகும், உங்களுக்குப் பிழை தெரியாது. இடப்பெறுமானத்தால் பார்த்திருந்தால் -76 என்று அப்போதே மாட்டியிருக்கும். அதனால்தான் எனக்கு முதல் வழியில் நம்பிக்கை கூட.

கவிழ்த்து 1 கூட்டினால் ஏன் மறை எண் வருது? சும்மா பாடமாக்க வேண்டியதுதானோ?

பாடமாக்க வேண்டாம். ஒரு வயலைச் சுற்றி 256 வேலிக் கட்டைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படலையில் நிற்பது 0 ஆம் கட்டை, அதிலிருந்து ஒரே பக்கமாகச் சுற்றி வந்தால் கடைசிக் கட்டை 255, அதற்கு அடுத்த அடி திரும்பவும் படலை. எட்டு பிட்டால் எழுதக்கூடியவை இந்த 256 இலக்கங்கள் மட்டுமே.

இப்போது படலையிலிருந்து பின்னுக்கு ஒரு கட்டை போனால் 255இல் நிற்பீர்கள். அதைத்தான் -1 என்று சொல்கிறோம், துவிதத்தில் 11111111. பின்னுக்கு 77 கட்டை போனால் 256 - 77, அதாவது 179ஆம் கட்டை. 179 ஐத் துவிதமாக எழுதிப் பாருங்கள், 128 + 32 + 16 + 2 + 1, அதே 10110011. ஆக மறை எண் என்று புதிதாக ஒன்றும் இல்லை, 179ஆம் கட்டைக்கு நாங்கள் வைத்த இன்னொரு பெயர்தான் -77.

கவிழ்ப்பது எங்கிருந்து வந்தது? 11111111 என்பது 255. அதிலிருந்து எந்த எண்ணைக் கழித்தாலும் கடன் வாங்க வேண்டியதே இல்லை, 1 இருந்த இடம் 0 ஆகும், 0 இருந்த இடம் 1 ஆகும், அவ்வளவுதான். எனவே கவிழ்த்தால் கிடைப்பது 255 - 77 = 178. எங்களுக்கு வேண்டியது 256 - 77. குறையும் அந்த ஒன்றைத்தான் கடைசியில் கூட்டுகிறோம்.

எனக்கு 00110011 வந்தது. எங்க பிழை விட்டன்?

77 ஐ எட்டு இடத்துக்கு நிரப்பாமல் கவிழ்த்திருக்கிறீர்கள். வகுத்து வகுத்துப் போனால் 77க்கு 1001101 என்று ஏழு இலக்கம்தான் கிடைக்கும். அதை அப்படியே கவிழ்த்தால் 0110010, ஒன்று கூட்டினால் 0110011, பிறகுதான் எட்டு பிட் வேண்டுமே என்று ஞாபகம் வந்து முன்னால் ஒரு 0 போட்டிருப்பீர்கள். அதன் பெறுமானம் +51. முன்னால் 0 போடும் வேலை கவிழ்ப்பதற்கு முதல் நடக்க வேண்டும், அப்போதுதான் அந்த 0உம் கவிழ்ந்து 1 ஆகும். மறை எண் ஒன்று 0இல் தொடங்கினால் வேறு ஒன்றும் பார்க்கத் தேவையில்லை, பிழை.

வேறு இரண்டு பிழை விடைகளும் அடிக்கடி வரும், அவற்றின் பெறுமானத்தைப் பார்த்தே எங்கே தவறினீர்கள் என்று சொல்லிவிடலாம். 10110010 வந்தால் அது -78, கவிழ்த்துவிட்டு 1 கூட்ட மறந்துவிட்டீர்கள். 11001101 வந்தால், +77இன் முதல் 0 ஐ மட்டும் 1 ஆக மாற்றிவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டிருக்கிறீர்கள். அது குறியும் பருமனும் முறை, அதுவும் ஒரு முறைதான், ஆனால் கேட்டது அது அல்ல. இரண்டின் நிரப்பியாக அதை வாசித்தால் -51.

கவிழ்க்கிறது பிரச்சினை இல்லை, 1 கூட்டேக்கதான் பிழைக்குது. வேற வழி இல்லையா?

இருக்கிறது. வலப்பக்கத்திலிருந்து பாருங்கள், முதலாவது 1 வரும்வரை அந்த 1 உட்பட அப்படியே எழுதுங்கள், அதற்கு இடப்பக்கம் உள்ள எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். 1 கூட்டத் தேவையில்லை.

60 ஐ எடுத்துப் பார்ப்போம், 00111100. வலமிருந்து 100 என்ற மூன்று இலக்கமும் அப்படியே, இடப்பக்கத்து 00111 கவிழ்ந்து 11000. சேர்த்தால் 11000100. பெறுமானம் -128 + 64 + 4 = -60. கவிழ்த்து 1 கூட்டியிருந்தால் 11000011 உடன் 1 கூட்டும்போது இரண்டு இடம் தாண்டிக் கொண்டு போக வேண்டியிருந்திருக்கும், அந்த இடத்தில்தான் பலருக்கும் சறுக்குகிறது.

இதிலிருந்து கண்ணால் பார்க்கும் ஒரு சோதனையும் கிடைக்கிறது: நேர் எண்ணின் வால் பக்கம் எத்தனை 0 இருந்ததோ அதே எண்ணிக்கை மறை எண்ணிலும் இருக்க வேண்டும். 60இன் வாலில் இரண்டு, -60இன் வாலிலும் இரண்டு.

-77 + 45 ஐக் கூட்டிக் காட்டுங்கோ. எங்க எல்லாம் பார்க்கவேணும்?

```
  10110011    (-77)
  00101101    (+45)
 ---------
  11100000
```

வலமிருந்து முதல் நிரலில் 1உம் 1உம், 0 எழுதி 1 ஐக் கொண்டு போகிறோம். அதற்குப் பிறகு வரும் நான்கு நிரல்களிலும் கொண்டு வந்த 1 உடன் இன்னொரு 1 மட்டும் சேரும், அதனால் 0, 0, 0, 0 என்று எழுதிக்கொண்டு அந்த 1 ஐயே தள்ளிக்கொண்டு போகிறீர்கள். ஆறாவது நிரலில் மேலே 1, கீழே 1, கொண்டு வந்தது 1, மூன்றும் சேர்ந்தால் 1 எழுதி 1 ஐக் கொண்டு போக வேண்டும். ஏழாவதில் 0, 0, கொண்டு வந்த 1, ஆக 1, அதோடு நின்றுவிட்டது. எட்டாவதில் 1.

கொண்டு போகும் 1 ஐத் தலைக்குள் வைத்திருக்காமல் நிரலுக்கு மேலே சின்னதாக எழுதுங்கள். இந்தக் கணக்கில் அது ஆறு நிரல் பயணம் செய்கிறது, நடுவில் யாராவது கூப்பிட்டால் தொலைந்துவிடும்.

பிறகு விடையை வாசியுங்கள்: -128 + 64 + 32 = -32. தசமத்தில் -77 + 45உம் -32. கூட்டலுக்கும் அதே சோதனைதான், விடையை இடப்பெறுமானத்தால் வாசித்து, சாதாரணமாகக் கூட்டியதோடு ஒப்பிட வேண்டும்.

வெளியில ஒரு 1 விழுந்தால் ஓவர்ஃப்ளோ, விடை பிழை என்றுதான் முதல் படிச்ச இடத்தில சொல்லித்தந்தவை. அப்படித்தானே?

இல்லை. இந்தப் பாடத்தில் மிக அதிகமாகப் புள்ளி போகும் இடம் இதுதான். இரண்டு கணக்கை அருகருகே வைத்துப் பாருங்கள்.

```
  10110011  (-77)       10110011  (-77)
  11010011  (-45)       11000100  (-60)
 ---------             ---------
1 10000110            1 01110111
```

இரண்டிலும் வெளியே 1 விழுகிறது. இடப்பக்கத்து விடை -128 + 4 + 2 = -122, சரியான விடை. வலப்பக்கத்து விடை 64 + 32 + 16 + 4 + 2 + 1 = 119. இரண்டு மறை எண்களைக் கூட்டி நேர் எண் வந்திருக்கிறது, நடக்கவே முடியாத விடயம். சரியான விடை -137, ஆனால் எட்டு பிட்டில் -128க்குக் கீழே எழுத இடமே இல்லை.

வயலுக்குத் திரும்பிப் போனால் காரணம் தெரியும். படலைக்கு நேரெதிரே, வயலின் பின்பக்கத்தில், 127ஆம் கட்டையும் 128ஆம் கட்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. 127ஆம் கட்டைக்குப் பெயர் +127, அடுத்ததுக்குப் பெயர் -128. பெயர் மாறும் எல்லை அது. 179இல் நின்றுகொண்டு பின்னுக்கு 45 போனால் 134, இன்னும் மறைப் பக்கத்தில்தான். பின்னுக்கு 60 போனால் 119, எல்லையைத் தாண்டி நேர்ப் பக்கத்துக்குள் போய்விட்டீர்கள். ஓவர்ஃப்ளோ என்பது அந்தப் பின் எல்லையைத் தாண்டுவது. வெளியே விழும் 1 அந்த எல்லையைப் பற்றி ஒன்றும் சொல்லாது: கணினி பின்னுக்கு நடப்பதில்லை, முன்னுக்கு மட்டுமே எண்ணிக்கொண்டு போகும், அப்படிப் போகும்போது படலையைத் தாண்டியதைத்தான் அந்த 1 காட்டுகிறது.

அப்போ எதைப் பார்ப்பது? குறியைப் பாருங்கள். கூட்டிய இரண்டும் ஒரே குறியாக இருந்து விடை வேறு குறியானால் ஓவர்ஃப்ளோ. கூட்டியவை வெவ்வேறு குறி என்றால் ஓவர்ஃப்ளோ வரவே முடியாது, ஏனென்றால் விடை அந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கேயோ விழும். வெளியே 1 விழாமலேயே பிழைப்பதும் உண்டு: 77 + 60 ஐக் கூட்டினால் 10001001, வெளியே ஒன்றும் இல்லை, ஆனால் விடை -119.

நிரல்களைப் பார்த்தே சொல்ல வேண்டும் என்றால், எட்டாவது நிரலுக்குள் வந்த 1 ஐயும் அதிலிருந்து வெளியே போன 1 ஐயும் ஒப்பிடுங்கள். -77 + -45இல் உள்ளே 1 வந்தது, வெளியே 1 போனது, ஆகவே சரி. -77 + -60இல் உள்ளே ஒன்றும் வரவில்லை, வெளியே மட்டும் 1 போனது. 77 + 60இல் 1 உள்ளே வந்தது, ஆனால் வெளியே போகவில்லை. ஒத்துப்போகாவிட்டால் பிழை.

சேர், குளம் வத்திக் கிடக்குது, எங்கட மீற்றர் வான் பாயுது என்று காட்டுது. சென்சர் பழுதோ?

இதைக் கேட்டது ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்றை வைத்துக் குளத்து நீர்மட்டம் அளக்கும் செயற்திட்டம் செய்த இரண்டு பிள்ளைகள். வான் பாயும் மட்டத்தை 0 என்று வைத்து, அதற்குக் கீழே எத்தனை சென்றிமீற்றர் என்பதை மறை எண்ணாகச் சேமித்தார்கள், நல்ல யோசனை. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கும்போது மட்டம் -77. அதன் பிறகு இன்னும் 60 இறங்கியது. திரையில் 119. வான் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றருக்கும் கூடத் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம், போய்ப் பார்த்தால் மாடு நடந்து கடக்கிறது. பிள்ளைகள் பாவம், இரண்டு நாளாகச் சென்சரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள்.

```
int8_t mattam = -77;
int8_t maatram = -60;
int8_t puthiya = mattam + maatram;   // 119
```

119ஐப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மேலே வகுப்பில் செய்த அதே கணக்கு. இடம் மிச்சம் பிடிக்கலாம் என்று எட்டு பிட் மட்டும் உள்ள `int8_t` மாறியைப் போட்டிருந்தார்கள். கடைசி வரியை `int puthiya` என்று மாற்றியதும் -137 வந்தது, அவர்களின் ஊனோவில் `int` 16 பிட், -32768 வரை இறங்கலாம். இப்படியான சந்தேகம் வந்தால் முதலில் காட்டும் எண்ணிலிருந்து 256 ஐக் கழித்தோ அதனுடன் 256 ஐக் கூட்டியோ பாருங்கள். 119 - 256 = -137. நீங்கள் எதிர்பார்த்த எண் அப்படியே கிடைத்தால் சென்சரைத் தொட வேண்டாம், பிழை உங்கள் மாறியின் அளவில்.

-128க்கு நேர் எண் எடுத்தால் திரும்ப -128 வருது?

ஆம். 10000000 ஐக் கவிழ்த்தால் 01111111, ஒன்று கூட்டினால் திரும்பவும் 10000000. +128 க்கு எட்டு பிட்டில் இடம் இல்லை, மேல் எல்லை 127. நேரெதிரே நிற்கும் கட்டை, எந்தப் பக்கத்தால் 128 கட்டை நடந்தாலும் அதே இடம்தான். 0உம் இப்படித்தான், தன் நிரப்பி தானே. இந்த இரண்டைத் தவிர வேறு எதற்கும் அப்படி நடக்காது.

வீட்டில கணினியில போட்டுச் சரி பார்க்கலாமோ? எக்செலில போட்டால் பத்து இலக்கம் காட்டுது.

எக்செல் மறை எண்ணுக்குப் பத்து பிட் கணக்கில்தான் காட்டும். `=DEC2BIN(-77)` என்றால் 1110110011 வரும், வலது பக்கத்து எட்டை மட்டும் எடுத்தால் உங்கள் விடை: `=RIGHT(DEC2BIN(-77),8)`. திரும்பும் வழியில் கவனம், `=BIN2DEC("10110011")` என்று எட்டு இலக்கம் கொடுத்தால் அது -77 என்று சொல்லாது, 179 என்று சொல்லும். முன்னால் இரண்டு 1 சேர்த்துக் கொடுத்தால்தான் -77. பிழை என்று நினைத்து ஒரு பிள்ளை சரியான விடையை வெட்டிவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பைதனில் `bin(-77)` போட வேண்டாம், அது 77இன் துவித எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறியைப் போட்டுத் தரும், நிரப்பி இல்லை. இப்படிக் கேளுங்கள்:

```python
print(format(-77 & 0xFF, '08b'))          # 10110011
print(format((-77 + -60) & 0xFF, '08b'))  # 01110111
```

பைதனின் முழு எண்ணுக்கு எட்டு பிட் எல்லை கிடையாது, `& 0xFF` தான் கீழ் எட்டை மட்டும் வெட்டித் தருகிறது. ஓவர்ஃப்ளோ நடந்தது என்று அது எச்சரிக்கை எதுவும் தராது, இரண்டாவது வரியில் 0இல் தொடங்கும் விடையைப் பார்த்து நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

விண்டோஸ் கல்குலேற்றரில் புரோகிராமர் பக்கத்துக்குப் போய் QWORD என்று இருப்பதை BYTE வரும்வரை அழுத்திவிட்டு -77 ஐக் கொடுத்தால், BIN வரியில் 1011 0011 தெரியும். BYTE ஆக மாற்ற மறந்தால் முன்னால் 1கள் நீளமாக வரிசை கட்டி நிற்கும், அதுவும் பிழை இல்லை, அதே -77 தான், வாலில் உள்ள எட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.